காப்பிக்கு எத்தனை மார்க்?

போன தை மாதம் எங்கள் சின்னவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் வீடு பாளையங்கோட்டை. கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, பிள்ளையும் பெண்ணும் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சமும் பெருமை இல்லை.

நான் வாசல் தாழ்வாரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மருமகள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "உட்காரும்மா" என்றேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். புதுப் பெண்ணிடம் நாலு வார்த்தை அன்பாகப் பேச வேண்டும் என்றுதான் எனக்கு எண்ணம். பேசினேன். என்ன படித்தாள், எத்தனை சதவீதம், முதல் வேலையை ஏன் விட்டாள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது வழக்கம், சமையல் பழக்கம் உண்டா, அப்பா ரிடையர் ஆக இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. "ஆமா மாமா", "இல்ல மாமா", "கொஞ்சம் தெரியும் மாமா". நல்ல அடக்கமான பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இரவு சின்னவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "அப்பா, அன்னைக்கு உங்ககிட்ட பேசிட்டு உள்ள வந்து அவ என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? மாமா எவ்வளவு மார்க் போட்டிருப்பாங்கன்னு கேட்டா."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு அன்று சரியாகத் தூக்கம் வரவில்லை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அந்தக் காலத்துப் புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாமே இருபதுக்கு மார்க். பத்து வந்தால் பிழைத்தோம். இருபதுக்கு இருபது யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. பாட்டு மனப்பாடம் ஒப்பிப்பதற்கு ஒவ்வொருவராக எழுந்து போய்க் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வாத்தியார் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருப்பார். எங்கே தடுக்குகிறதோ அங்கே பேனா அசையும். அந்தப் பேனாவைப் பார்த்தபடியே பாடத்தை மறந்தவன் நான். அறுபது வருஷம் கழித்து அதே பேனாவை நான் கையில் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அதன் பிறகு முப்பத்தைந்து வருஷம் அரசாங்க வேலை. அதில் பாதிக்கு மேல் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில். புதிதாக ஒருவர் வேலையில் சேர்ந்தால் அவருக்கு சர்வீஸ் புக் திறப்பது என் வேலை. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, படிப்பு, அங்க அடையாளம். அப்புறம் தகுதிகாண் பருவம். அந்த ஆறு கேள்வியை நினைத்துப் பார்த்தால், புத்தகத்தின் முதல் பக்கத்தைத்தான் நான் நிரப்பியிருக்கிறேன். அங்க அடையாளம் மட்டும்தான் கேட்கவில்லை.

மறுநாள் இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு இப்பதான் தெரியுதா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, "உங்க அப்பா என்கிட்ட கேட்டது இன்னைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1977-ல். அவள் ஊர் காரைக்கால். இங்கே வந்த இரண்டாம் நாள் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டாளாம். அப்பா வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு, "உங்க வீட்ல கோலம் இப்படித்தான் போடுவாங்களா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றாளாம். அவர் "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அவ்வளவுதான்.

"அவர் மெச்சினாரா, குறை சொன்னாரா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அன்னையிலேர்ந்து உங்க அம்மா போடுற கோலத்தைப் பார்த்துப் பார்த்து அதையே போட ஆரம்பிச்சேன். எங்க ஊர்க் கோலத்தை அப்புறம் நான் போடவே இல்ல."

நான் அதே வீட்டில்தான் இருந்தேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கோல விஷயம் எனக்குத் தெரியாது. அப்பா அதிகம் பேசாதவர். ஒருவேளை அந்தக் கோலம் அவருக்குப் பிடித்துக்கூட இருந்திருக்கலாம். கேட்க இப்போது அவர் இல்லை. ஆனால் புதிதாக வந்தவளுக்கு அந்த "ம்" போதும். மீதியை அவளே எழுதிக்கொள்வாள், அதுவும் தனக்கு எதிராகத்தான் எழுதிக்கொள்வாள்.

சரி, கேள்வி கேட்டால்தானே வம்பு, பாராட்டிவிடுவோம் என்று அடுத்த வாரம் ஆரம்பித்தேன். காலையில் காப்பி வந்தவுடன் "பிரமாதம்மா" என்பேன். ஐந்தாறு நாள் இப்படிப் போனது. ஒரு நாள் மின்சார பில் விஷயமாக ஏதோ யோசனையில் இருந்ததால் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். அரை மணி நேரம் கழித்து அடுக்களையில் அவள் மாமியாரிடம் கேட்பது காதில் விழுந்தது. "அத்தை, இன்னைக்கு டிகாஷன் தண்ணியா இருந்துச்சா? மாமா ஒண்ணுமே சொல்லல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாராட்டும் மார்க்தான். தினம் இருபதுக்குப் பதினெட்டு போடுகிறவன் ஒரு நாள் போடாவிட்டால் அது பூஜ்யம். அதற்கப்புறம் காப்பியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். நன்றாக இருந்தால் "இன்னும் அரை டம்ளர் இருக்காம்மா?" என்று கேட்பேன். அது மார்க் இல்லை, பசி. டாக்டர் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் கூடாது என்றிருக்கிறார், அது வேறு விஷயம்.

பின்னே எப்படித்தான் பேசுவது? எனக்கு வழி கிடைத்தது சொதியில்.

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடுகிற வழக்கம் இருக்கிறது. எங்களுக்கும் போட்டார்கள். இந்த ஊர்க்காரனான எனக்கு அது புதிது. தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் வெந்து, மோர்க்குழம்பு மாதிரியும் இல்லாமல் குருமா மாதிரியும் இல்லாமல், இலையில் சோற்றின் மேல் வெள்ளையாக ஓடியது. பக்கத்தில் இஞ்சித் துவையல். முதல் வாரமாக இருந்திருந்தால் நான் மருமகளிடம் "உனக்குச் சொதி வைக்கத் தெரியுமா?" என்று கேட்டிருப்பேன். அதற்குத் தெரியும், தெரியாது என்று இரண்டே பதில். இரண்டுமே அவளுக்கு ஆபத்து. தெரியாது என்றால் ஃபெயில். தெரியும் என்றால் நாளைக்கே பிராக்டிகல்.

இந்தத் தடவை வேறு மாதிரி கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். "அன்னைக்கு உங்க வீட்டுச் சொதியில ஒரு விஷயம் எனக்குப் புரியலம்மா. தேங்காய்ப்பாலைக் கொதிக்க வச்சா திரிஞ்சு போகும். எலுமிச்சம்பழம் வேற பிழிஞ்சிருந்தாங்க. எப்படித் திரியாம இருந்துச்சு?" எனக்கு நிஜமாகவே தெரியாது. நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேட்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பதில் வந்தால் அது சரியா தப்பா என்று நம்மால் திருத்த முடியாது.

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "அது எங்க ஆச்சி கணக்கு மாமா" என்று ஆரம்பித்தாள். தேங்காயைத் துருவி மூன்று தடவை பால் எடுப்பார்களாம். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும்தான் காய் வேகும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக் கூடாது. எலுமிச்சம்பழம் அடுப்பில் இருக்கும்போது பிழியவே கூடாது, இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகுதான். இஞ்சித் துவையல் எதற்கு என்றால், அவ்வளவு தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தம் பண்ணும், அதற்கு. "சொதியை விட்டாலும் விடுவா, எங்க ஆச்சி துவையலை விட மாட்டா" என்றாள். ஆச்சி எப்படி அம்மியை விட்டு மிக்சிக்கு மாற மறுத்தாள், தாத்தா எப்படித் துவையலை மட்டும் தொட்டுக்கொண்டு மோர் சாதம் முழுக்கச் சாப்பிடுவார் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. கீரை ஆய்ந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணியில் அவள் ஒரு தடவைகூட "ஆமா மாமா" சொல்லவில்லை.

கையில் வேலை இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். பேச்சு நின்றால் அது தெரிந்துவிடும். இரண்டு பேர் கண்ணும் கீரையில் இருந்தால், நடுவில் பத்து நிமிஷம் பேசாமல் இருந்தாலும் யாருக்கும் சங்கடம் இல்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். கேட்பதற்கு முன்னால் நம்மிடம் இருப்பதைக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் பழங்கதை என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் நம் கெட்டிக்காரத்தனத்தில்தான் போய் முடியும். "நாங்க எல்லாம் அந்தக் காலத்துல..." என்றால் கேட்கிறவளுக்கு அது கதை இல்லை, பாடம். அதனால் நான் தோற்ற கதையைச் சொன்னேன். எங்கள் பள்ளியில் டிக்டே என்று ஒன்று உண்டு. வாத்தியார் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒரு பிழைக்கு நாலு மார்க் போகும். ஐந்து பிழை செய்தால் இருபதுக்குப் பூஜ்யம், அதற்கு மேல் எத்தனை செய்தாலும் இலவசம். தொடர்ந்து மூன்று வாரம் பூஜ்யம் வாங்கிவிட்டு அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். அப்பா பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை விட்டேன். அதனால்தான் பிடிபட்டேன்.

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, பதினொன்றாம் வகுப்பில் கெமிஸ்ட்ரி மார்க் அட்டையை ஆச்சியின் அரிசிப் பானைக்குள் ஒரு மாதம் ஒளித்து வைத்திருந்த கதையைச் சொன்னாள். முதல் நாள் "எத்தனை சதவீதம்" என்று கேட்டபோது எனக்குக் கிடைக்காத செய்தி அது.

அன்று இரவு நான் செய்தது இன்னொரு தப்பு. காரைக்காலில் இருக்கும் என் மைத்துனி போன் செய்தாள். பேச்சு வாக்கில் அரிசிப் பானைக் கதையைச் சொல்லிவிட்டேன். மெச்சித்தான் சொன்னேன். பத்து நாள் கழித்து மைத்துனி வீட்டுக்கு வந்தபோது, வாசலிலேயே, "என்னம்மா, எங்க வீட்டு அரிசிப் பானையெல்லாம் பத்திரமா வச்சுக்கணும் போலிருக்கே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். ஆனால் ஒரு நொடி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மறுபடியும் "ஆமா மாமா", "இல்ல மாமா".

ஆபீஸில் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்டை இரும்பு பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். யார் கேட்டாலும் காட்டியதில்லை. வீட்டில் அந்த ஒழுங்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவளிடம் நேராகவே சொன்னேன். "அது நீ என்கிட்ட சொன்னது. நான் வெளிய சொல்லியிருக்கக் கூடாதும்மா. தப்பு என்னுது." அவள் "பரவாயில்ல மாமா" என்றாள். பரவாயில்லை என்பது பரவாயில்லை இல்லை என்று ஐம்பது வருஷத்துக்கு அருகில் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாதா? பொறுத்திருந்தேன். அந்த மாதம் முழுக்க ஒன்றும் கேட்கவில்லை.

சில விஷயங்களைச் சொல்லாமலும் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் விடியற்காலையிலும் மாலையிலும்தான் வரும், அந்த நேரத்தில் மோட்டார் போட வேண்டும். என் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு, அதனால் சமையலில் உப்பு குறைவு. இதையெல்லாம் அவளாகவே கண்டுபிடிக்கட்டும், எப்படிச் சமாளிக்கிறாள் பார்ப்போம் என்று விடுவது பரீட்சையிலும் மோசமான பரீட்சை. முதல் நாளே காரணத்தோடு சொல்லிவிட்டிருக்க வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. அவள் வைத்த முதல் சாம்பாரை என் மனைவி இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாமல் எழுந்தாள். அந்தப் பெண்ணுக்குக் காரணம் தெரியாது. என் அப்பாவின் "ம்" அன்று அந்தச் சாப்பாட்டு மேஜையில் மறுபடியும் கேட்டது. அன்று மாலையே என் மனைவி மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினாள். அதிலிருந்து சாம்பாரில் உப்புக் குறைவாகத்தான் இருக்கிறது, வேண்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் உப்புக் கிண்ணம்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. ஒரு நாள் நான் வழக்கம் போல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். மருமகள் வந்து நின்றாள். "மாமா, எங்க ரூம் ஃபேன் ராத்திரி முழுக்கக் கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போடுது. வந்த நாள்லேர்ந்து தூங்கவே முடியல" என்றாள். மூன்று மாதமாகத் தூக்கம் இல்லாமல் இருந்திருக்கிறாள். புகுந்த வீட்டின் மேல் அவள் சொன்ன முதல் குறை. எலக்ட்ரீஷியனை வரவழைத்து பேரிங் மாற்ற முந்நூற்றைம்பது ரூபாய் செலவாயிற்று. இவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் பணம் எண்ணிக் கொடுத்ததில்லை. பிள்ளைக்கு எதற்கு இந்தச் சந்தோஷம் என்றே புரியவில்லை. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவன், அவனுக்கு அது தாலாட்டு.

இப்போது அவள் என்னையும் கேள்வி கேட்கிறாள். இத்தனை பழைய சாவிகளை எதற்கு வைத்திருக்கிறீர்கள், பிரெஞ்சில் மருமகளுக்கு என்ன சொல்வார்கள் என்று. பெல் ஃபீய் என்றேன், அழகிய மகள் என்று வார்த்தைக்கு அர்த்தம். "அப்ப மாமனாருக்கு?" என்றாள். போ பேர், அழகிய அப்பா. என் தலையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அதற்கு எத்தனை மார்க் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் சாயங்காலம் நானும் மனைவியும் பீச் ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். மருமகள் பேச்சு வந்தது, அப்படியே பழைய கோலப் பேச்சும் வந்தது. "அன்னைக்கு எங்க அப்பா உன்கிட்ட என்ன கேட்டிருந்தா உனக்கு நல்லா இருந்திருக்கும்?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. அவள் கடலைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தாள்.

"காரைக்கால்லேர்ந்து அவ்வளவு தூரம் பஸ்ல வந்தோமே, வழியில தலை சுத்திச்சான்னு கேட்டிருக்கலாம். யாருமே கேக்கல."

"சுத்திச்சா?"

"சிதம்பரம் தாண்டினதும்" என்றாள். "ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."